ஈதர் எழுதினேன், விடைக்குறிப்பில் ஆல்கீன்: ஈரிணைய ஹாலைடு காலை வாரும் இடங்கள்

கோடம்பாக்கத்தில் ஒரு மாடி அறையில் பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு ஆர்கானிக் எடுக்கிறேன். ஓரிணைய ஹாலைடு வந்தால் பெரும்பாலும் பதிலீடு. மூவிணைய ஹாலைடும் வலுவான காரமும் வந்தால் நீக்கம். இந்த இரண்டிலும் யாரும் அதிகம் தவறுவதில்லை. ஈரிணையத்தில்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளையும் நாணயம் சுண்டிப் பார்த்து விடை எழுதுகிறது. ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் தவறுகளை, அவை எந்த முகத்தோடு வருகின்றனவோ அந்த முகத்தோடே இங்கே எழுதுகிறேன். உங்கள் தவறு எதில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் முதல் அறிகுறியை யாரும் தாண்டிப் போக வேண்டாம். மற்றவை அதன் மேல்தான் நிற்கின்றன.

அறிகுறி 1: ஈதர் என்று எழுதினேன், ஆல்கீன் என்கிறது விடைக்குறிப்பு

கேள்வி இதுதான்: 2-புரோமோபுரோப்பேன், எத்தனாலில் சோடியம் எத்தாக்சைடு, 55 °C. முதன்மை விளைபொருள் என்ன?

போன வாரம் ஒரு மாணவி தாளை நீட்டி, "சார், இது வில்லியம்சன் தொகுப்பு தானே? கீ தப்பு சார்" என்றாள். தாளைப் பார்த்தேன். எத்தாக்சைடின் ஆக்சிஜனிலிருந்து நடுக் கார்பனுக்கு அழகாக ஒரு வளைந்த அம்பு. புரோமினிலிருந்து வெளியே இன்னொரு அம்பு. அம்பில் குற்றம் இல்லை. ஆனால் அந்தக் கார்பனின் இரு பக்கமும் வெறும் CH3 என்று எழுதி விட்டிருந்தாள்.

"அந்த ஹைட்ரஜன் ஆறையும் வரைம்மா" என்றேன். வரைந்தாள். நடுக் கார்பனைச் சுற்றி வேலி மாதிரி ஆறு ஹைட்ரஜன் நின்றது. பின்புறமாக வரும் எத்தாக்சைடு கார்பனைத் தொட வேண்டுமானால் இரண்டு மெத்தில் தொகுதிகளின் நடுவே நுழைய வேண்டும். ஹைட்ரஜனைப் பிடுங்க வேண்டுமானால் நுழையவே வேண்டாம், அது வாசலிலேயே நிற்கிறது. எத்தாக்சைடோ வலுவான காரம், ஹைட்ரஜனைக் கண்டால் விடாது. கிடைப்பது ஏறத்தாழ 79% புரோப்பீன், 21% ஈதர். இதே எத்தாக்சைடை எத்தில் புரோமைடோடு சேர்த்தால் கணக்கு தலைகீழாகி, 90% ஈதர், 10% எத்தீன் என்று வருகிறது. காரம் மாறவில்லை. கார்பனில் ஒரு மெத்தில் கூடியதற்கே இத்தனை வித்தியாசம்.

ஆக, கீ சரி. வில்லியம்சன் தொகுப்பும் சரிதான், பங்காளிகளைத்தான் மாற்றிப் போட்டுவிட்டோம். எத்தில் ஐசோபுரோப்பைல் ஈதர் வேண்டுமென்றால், கிளை உள்ள பக்கம் ஆல்காக்சைடாக இருக்க வேண்டும், கிளை இல்லாத பக்கம் ஹாலைடாக இருக்க வேண்டும். அதாவது உலர்ந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சோடியத்தைக் கரைத்து, புரோமோஈத்தேனைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இடையில் ஒரு சென்னைக் குறிப்பு: புரோமோஈத்தேன் 38 °C-இல் கொதிக்கும். மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள ஆய்வகத்தில் அந்தப் பாட்டிலை ஐஸில் வைக்காமல் திறந்தால், எடுத்த அளவு ஒன்று, குடுவையில் விழுந்த அளவு இன்னொன்று.

அறிகுறி 1-இன் உடன்பிறப்பு: "செய்து பார்த்தேன் சார், ஈதர்தான் வந்தது"

இது தாளில் வராது, ஆய்வகத்தில் வரும். நானே படிக்கும் காலத்தில் ஏமாந்த இடம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

12.3 கிராம் 2-புரோமோபுரோப்பேன், அதாவது 0.1 மோல் எடுத்தேன். 2.3 கிராம் சோடியத்தைச் சுமார் 50 மில்லி உலர் எத்தனாலில் கரைத்து, அதனோடு சேர்த்துச் சூடாக்கினேன். வெள்ளையாக உப்பு இறங்கியது. வடிகட்டி எடை பார்த்தால் சோடியம் புரோமைடு எதிர்பார்த்த 10 கிராமுக்கு அருகில் இருந்தது. "வினை முழுமை" என்று நோட்டில் எழுதினேன். நீரால் கழுவி, வாலை வடித்தபோது கொஞ்சம் ஈதர் கிடைத்தது, வேறு கரிமப் பொருள் எதுவும் இல்லை. "விளைபொருள் ஈதர், கழுவும்போது நிறைய இழந்துவிட்டேன்" என்று முடிவு எழுதிக் கையெழுத்துக்குக் கொடுத்தேன். 8.8 கிராம் வர வேண்டிய ஈதரில் மீதியெல்லாம் எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு இடத்தில் ஏமாந்திருக்கிறேன். முதலாவது உப்பு. பதிலீடு நடந்தாலும் நீக்கம் நடந்தாலும் ஒரு மோல் காரம் செலவாகும், ஒரு மோல் சோடியம் புரோமைடு இறங்கும். ஆகவே உப்பின் எடையோ, மீந்த காரத்தின் தரம்பார்த்தலோ எந்த வினை நடந்தது என்று சொல்லவே சொல்லாது. வினை நடந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். இரண்டாவது புரோப்பீன். அது −48 °C-இல் கொதிக்கும் வாயு. 0.079 மோல் என்றால் நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய 2 லிட்டர். அவ்வளவும் குளிர்விப்பான் வழியாக மேலே போய், ஜன்னல் வழியாக வெளியேறிவிட்டது. குடுவையில் தங்கியது போட்டியில் தோற்றுப்போன விளைபொருள் மட்டுமே.

எப்படிக் கண்டுபிடிப்பது? குளிர்விப்பானின் மேல் வாயில் ஒரு குழாய் மாட்டி, வாயுவை முதலில் குளிர்ந்த நீருக்குள்ளும், அடுத்து புரோமின் நீருக்குள்ளும் செலுத்துங்கள். பழுப்பு நிறம் போனால் ஆல்கீன் வருகிறது. நடுவில் நீர் எதற்கு என்றால், எத்தனால் ஆவியைப் பிடித்து வைக்க. பேயர் சோதனை என்று பெர்மாங்கனேட்டை நேராக வைத்தால் எத்தனால் ஆவியே மெல்ல நிறத்தை மாற்றி நம்மைக் குழப்பும். புரோப்பீன் தீப்பற்றும் வாயு, அதனால் பக்கத்து மேஜையில் பர்னர் எரியக் கூடாது.

அறிகுறி 2: அடுத்த கேள்வியில் ஆல்கீன் எழுதினேன், இப்போது கீயில் பதிலீடு

முதல் தவறைத் திருத்தியதும் வரும் தவறு இது. சூடு பட்ட பூனை பாலையும் தொடாது என்பது போல, எதிர்மின் சுமை தாங்கிய எதைப் பார்த்தாலும் "வலுவான காரம், ஆகவே E2" என்று எழுதத் தொடங்குகிறார்கள். 2-புரோமோஆக்டேனும் சோடியம் அசைடும் என்று கொடுத்தால் ஆக்டீன் எழுதுகிறார்கள்.

இங்கே தவறு ஒரு சொல்லில் இருக்கிறது. "வலு" என்பதைக் கார வலுவுக்கும் கருக்கவர் திறனுக்கும் சேர்த்தே பயன்படுத்திவிடுகிறோம். ஒன்று ஹைட்ரஜனைப் பிடுங்கும் ஆசை, மற்றது கார்பனைத் தாக்கும் வேகம். அசைடுக்கு இரண்டாவது நிறைய உண்டு, முதலாவது குறைவு.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்றே ஒன்று. தாக்க வரும் எதிர்மின் அயனிக்கு ஒரு புரோட்டானைக் கொடுங்கள். கிடைக்கும் அமிலத்தின் pKa என்ன என்று பாருங்கள். அது 11-க்குக் கீழே இருந்தால், கிளை அதிகமில்லாத ஈரிணைய ஹாலைடில் பதிலீடு முந்தும். அதற்கு நன்றாக மேலே இருந்தால் நீக்கம் முந்தும். அசைடுக்குப் புரோட்டான் கொடுத்தால் ஹைட்ரசோயிக் அமிலம், pKa 4.7. அசிட்டேட்டுக்கு அசிட்டிக் அமிலம், 4.76. தயோஃபீனாக்சைடுக்கு 6.6 அளவில். சயனைடுக்கு 9.2. இவை எல்லாம் கோட்டுக்குக் கீழே. ஹைட்ராக்சைடுக்கு நீர், 15.7. எத்தாக்சைடுக்கு எத்தனால், 16. அசிட்டிலைடுக்கு 25. இவை கோட்டுக்கு மேலே. இடையில் எதுவும் அதிகம் இல்லாததால்தான் 11 என்ற கோடு வேலை செய்கிறது. அந்த எண்ணில் புனிதம் ஒன்றுமில்லை, 12 என்று வைத்துக்கொண்டாலும் விடை மாறாது.

கோட்டுக்கு அருகில் நிற்பவற்றில் கந்தகம் மட்டும் நம் பக்கம். எத்தேன்தயோலின் pKa 10.6, ஃபீனாலின் pKa 10. எண்ணில் ஏறக்குறைய சமம். ஆனால் தயோலேட்டு ஈரிணைய ஹாலைடைச் சுத்தமாகப் பதிலீடு செய்யும், ஃபீனாக்சைடு கொஞ்சம் ஆல்கீனையும் கூட்டிக்கொண்டு வரும். கந்தகம் பெரிய அணு. அதன் எலக்ட்ரான் மேகம் எளிதில் உருமாறிக் கார்பனை எட்டிவிடுகிறது, சின்ன ஹைட்ரஜன் மேல் அதற்கு அவ்வளவு நாட்டமில்லை.

அறிகுறி 3: "நீர்த்த KOH போட்டால் ஆல்கஹால் என்று புத்தகத்தில் இருக்கிறதே?"

பள்ளியில் மனப்பாடம் செய்த வரி: நீர்த்த KOH என்றால் ஆல்கஹால், ஆல்கஹாலில் கரைத்த KOH என்றால் ஆல்கீன். ஓரிணையத்துக்கு இந்த வரி ஓரளவு காப்பாற்றும். ஈரிணையத்தில் இது திசையைக் காட்டும் பலகை, ஊர் வந்து சேர்ந்ததற்கு அடையாளம் இல்லை.

நீர் என்ன செய்கிறது? ஹைட்ராக்சைடைச் சூழ்ந்து ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டிப்போட்டு, அதன் காரத்தன்மையை அடக்குகிறது. அதனால் ஆல்கஹாலின் பங்கு கூடுகிறது. எத்தனாலில் அந்தப் பிடி தளர்கிறது, கரைசலில் எத்தாக்சைடும் உருவாகிறது, ஆல்கீனின் பங்கு கூடுகிறது. இரண்டிலும் கலவைதான் வரும். சூடாக்கினால் இரண்டிலுமே ஆல்கீன் மேலும் கூடும். நீக்கத்தில் ஒரு மூலக்கூறு உடைந்து எண்ணிக்கை பெருகுவதால் என்ட்ரோபி அதன் பக்கம் இருக்கிறது.

தேர்வில் அந்த வரியைக் கேட்டால் அந்த வரியை எழுதி மதிப்பெண் வாங்குங்கள். ஆனால் (R)-2-புரோமோஆக்டேனிலிருந்து ஆக்டன்-2-ஆல் உண்மையிலேயே வேண்டுமென்றால் KOH பக்கம் போக வேண்டாம். சுற்றி வளைத்துப் போவதுதான் குறுக்கு வழி. முதலில் டிஎம்எஃப் கரைப்பானில் பொட்டாசியம் அசிட்டேட்டோடு மிதமாகச் சூடாக்குங்கள். அசிட்டேட்டின் எண் 4.76, கோட்டுக்கு வெகு கீழே. பின்புறமிருந்து தாக்கி, அமைப்பைத் திருப்பி, (S)-2-ஆக்டைல் அசிட்டேட்டைத் தரும். ஹாலைடு முழுவதும் தீர்ந்த பிறகு மெத்தனாலில் காரம் சேர்த்து எஸ்டரை உடையுங்கள். இப்போது காரம் வலுவாக இருந்தாலும் பயமில்லை, பிடுங்கிக்கொண்டு ஓட புரோமைடு அங்கே இல்லை. காரம் தாக்குவது கார்போனைல் கார்பனை. நம் ஈரிணையக் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு தொடப்படவே இல்லை. ஆகவே (S)-ஆக்டன்-2-ஆல் அமைப்பு கெடாமல் வருகிறது.

இந்த வினையை என்எம்ஆரில் சரிபார்க்கும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. அசிட்டேட் தாங்கிய CH-இன் ஹைட்ரஜன் 4.9 பிபிஎம் அருகில் வரும். நாம் பயப்படும் 1-ஆக்டீனின் CH2 ஹைட்ரஜன்களும் கிட்டத்தட்ட அதே இடத்தில், 4.9 முதல் 5.0 வரை வரும். 4.9-இல் குவியலைப் பார்த்ததும் "ஆல்கீன் வந்துவிட்டது" என்று குடுவையைக் கொட்டப் போன ஒருவரை எனக்குத் தெரியும். 5.8-ஐப் பாருங்கள், அங்கே 1-ஆக்டீனின் மற்ற ஹைட்ரஜன் பல முனைகளாகத் தெரியும். 5.4-ஐப் பாருங்கள், 2-ஆக்டீன் அங்கே வரும். இரண்டு இடமும் வெறுமையாக இருந்து, 2.0-இல் அசிட்டேட்டின் மெத்தில் ஒற்றை முனையாக நின்றால் நிம்மதியாக இருக்கலாம். 4.1-இல் ஏதாவது மீந்திருந்தால் அது தீராத புரோமைடு, இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள்.

அதே 2-புரோமோஆக்டேனை மற்றக் காரங்களோடு ஓட்டிப் பார்த்துவிடலாம். டிஎம்எஃப்பில் சோடியம் அசைடு: பதிலீடு, அகச்சிவப்பில் 2100 அருகே கூர்மையான பட்டை. (அசைடு இருக்கும் குடுவையில் டைகுளோரோமீத்தேனும் அமிலமும் சேரவே கூடாது, வெடிக்கும் பொருள்கள் உருவாகும்.) எத்தனாலில் எத்தாக்சைடு: நீக்கம், 2-ஆக்டீன் அதிகம், ஈதர் கொஞ்சம். பொட்டாசியம் மூவிணைய பியூட்டாக்சைடு: ஏறக்குறைய நீக்கம் மட்டுமே, அதன் பருமனால் ஓரத்து ஹைட்ரஜனைத் தேடிப் பிடிப்பதால் 1-ஆக்டீனின் பங்கு முன்னதைவிட அதிகம். இந்தக் கடைசி ஆள் நம் கடற்கரைக் காற்றை உறிஞ்சி மெல்ல KOH ஆகிவிடுவார். பாட்டில் கட்டி தட்டியிருந்தால், எதிர்பார்த்த விகிதம் வராததற்குக் கோட்பாட்டைத் திட்ட வேண்டாம்.

அறிகுறி 4: கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனாலும் ஆல்கீன்

கோடு பொய்க்கும் இடம் இரண்டு. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்வது, கோட்டைத் தெரிந்து வைத்துக்கொள்வதற்குச் சமம்.

முதலாவது வளையம். டிஎம்எஸ்ஓ கரைப்பானில் 2-குளோரோஆக்டேனும் சயனைடும் சேர்ந்தால் நைட்ரைல் நல்ல விளைச்சலில் வரும். அதே சயனைடைச் சைக்ளோஹெக்சைல் புரோமைடோடு சேர்த்தால் சைக்ளோஹெக்சீன்தான் பெரும்பங்கு. நாற்காலி வடிவத்தை வரைந்தால் காரணம் தெரியும். புரோமின் பக்கவாட்டில் இருக்கும்போது பின்புறத் தாக்குதலின் பாதை வளையத்துக்கு மேலேயே போகிறது, அங்கே அச்சு ஹைட்ரஜன்கள் வழி மறிக்கின்றன. புரோமின் அச்சு நிலைக்குப் புரண்டாலோ, பக்கத்துக் கார்பன்களின் அச்சு ஹைட்ரஜன்கள் நேர் எதிர்த்திசையில், நீக்கத்துக்கென்றே நிறுத்தி வைத்த மாதிரி நிற்கின்றன. பதிலீடு தடுக்கப்பட்டு நீக்கம் எளிதாகும்போது 9.2 என்பதே போதுமான காரமாகிவிடுகிறது. 4.7 உள்ள அசைடு அதே வளையத்திலும் பதிலீடு செய்துவிடும். ஆகவே வளையம் வந்தால் கோட்டை 11-இலிருந்து கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஃபுளூரைடு. ஹைட்ரஜன் ஃபுளூரைடின் pKa 3.2, ஆகவே பதிலீடு என்று எழுதத் தோன்றும். ஆனால் 3.2 என்பது நீரில் அளந்த எண். நீர் அந்தச் சின்ன அயனியை இறுகக் கட்டிப்போட்டிருக்கும்போது வந்த எண். டிஎம்எஸ்ஓ போன்ற, புரோட்டான் தராத கரைப்பானில் அதே அமிலத்தின் pKa 15 அளவுக்குப் போய்விடுகிறது. கட்டவிழ்ந்த ஃபுளூரைடு ஹைட்ரஜனைப் பிடுங்கும் காரம், ஈரிணைய ஹாலைடில் கணிசமாக ஆல்கீன் வரும். அசிட்டேட்டும் டிஎம்எஸ்ஓவில் 12.6-க்கு ஏறுகிறது. அதனால்தான் மேலே "மிதமாகச் சூடாக்குங்கள்" என்றேன். அதையும் 120 °C-இல் இரவு முழுக்க விட்டால் 5.4-இல் முனை முளைப்பதைப் பார்ப்பீர்கள்.

அறிகுறி 5: காரமே கொடுக்கவில்லை, என்ன எழுதுவது?

"2-புரோமோஆக்டேன், மெத்தனால், சூடு" என்று மட்டும் இருந்தால் மெத்தனாலையே காரமாக்கி E2 எழுத வேண்டாம். வலுவான காரமும் இல்லை, நல்ல கருக்கவரியும் இல்லை. வினை மிக மெதுவாக, கரைப்பானின் உதவியோடு நடக்கும். ஈதர் பெரும்பங்கு, ஆல்கீன் ஒரு பங்கு. கேள்வித்தாளில் SN1, E1 கலவை என்பார்கள். ஈரிணையக் கார்பன் நேர்மின் அயனி தனியே நிற்கும் அளவுக்கு நிலைப்பு உள்ளதல்ல என்பதால் அமைப்பு முழுமையாக ரேசிமிக் ஆகாது, திருப்பம் சற்று மிகுதியாக இருக்கும். பென்சைல் அல்லது அல்லைல் பக்கத்தில் இருந்தால் மட்டும் அயனி தாக்குப்பிடிக்கும், அப்போது SN1 என்று துணிந்து எழுதலாம்.

தாளை நீட்டிய மாணவி இந்த வாரம் வந்து, சைக்ளோஹெக்சைல் டாசைலேட்டும் டிஎம்எஃப்பில் சோடியம் தயோஃபீனாக்சைடும் என்ற கேள்விக்குப் பதிலீடு எழுதிக் காட்டினாள். வளையம் என்று தெரிந்தும் ஏன் ஆல்கீன் எழுதவில்லை என்று கேட்டேன். "6.6 தானே சார், அதுவும் சல்ஃபர்" என்றாள். நாற்காலியில் எல்லா ஹைட்ரஜனையும் வரைந்திருந்தாள்.